விடுதியின் அக்காமார், ஐயாமார், அம்மாவுக்கு

ஞாயிற்றுக்கிழமை அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறேன். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நாலு வருடமாக எல்லாரையும் அக்கா, ஐயா என்றே கூப்பிட்டுவிட்டோம், யார் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சரியாகக் கேட்டதில்லை. அதனால் பெயரை விட்டுவிட்டு வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

முதலில் கேட் ஐயாவுக்கு. 2022இல் பசறையிலிருந்து பதுளை வீதி பஸ்ஸில் வந்து செங்கலடியில் இறங்கி, வந்தாறுமூலைக்கு வந்து சேர்ந்தபோது நல்லா இருட்டி, கரண்டும் இல்லை. நீங்கள் டோர்ச் அடித்து என் பெயரைக் கொப்பியில் எழுதிவிட்டு, "வீட்டுக்குக் கோல் எடுத்தாச்சா மகள்?" என்று கேட்டீர்கள். அதுக்குப் பிறகுதான் உள்ளே விட்டீர்கள்.

மெஸ்ஸில் சமைக்கிற அக்காமாருக்கு எவ்வளவு எழுதினாலும் போதாது. அந்த வருடம் கேஸ் கிடைக்காமல் பின்பக்கம் விறகடுப்பு மூட்டினீர்கள். ஈர விறகு புகைந்து கண் சிவந்தபடி இடியப்பம் அவித்தீர்கள், நாங்களோ சொதி தண்ணியாக இருக்கிறது என்று முறைப்பாடு சொன்னோம். மன்னித்துக்கொள்ளுங்கள். அல்சர் வந்து நான் உறைப்புச் சாப்பிட முடியாமல் கிடந்த மாதம், தினமும் என் பருப்பை மட்டும் மிளகாய் போடாமல் ஒரு சின்னச் சட்டியில் வேறாக வைத்து, மேலே தட்டால் மூடி, யாரும் எடுக்காமல் இருக்க அகப்பையைக் குறுக்கே வைத்திருப்பீர்கள். நான் கேட்கவேயில்லை, என் தட்டில் மிச்சம் கிடந்ததைப் பார்த்தே கண்டுபிடித்தீர்கள்.

தண்ணீர் மோட்டார் போடுகிற அண்ணா, நீங்கள் விடிய நாலு மணிக்கே வருவீர்கள் என்பது கடைசி வருடம் படிக்க முழித்திருந்தபோதுதான் தெரிந்தது. எட்டு மணி லெக்சருக்கு எல்லாரும் குளித்துவிட்டுப் போனது உங்களால்.

துப்புரவு அக்காமார் இரண்டு பேரும் 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கீழ்த்தட்டு அறைகளில் சேற்றை வாரி வெளியே தள்ளினதை நான் பார்த்தேன். உங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்ற கிழமை அது.

வோர்டன் மெடம், காய்ச்சலில் கிடந்தவர்களை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதற்கு நன்றி. ஏச்சுக்கும் நன்றி.

அப்புறம் கிடாரம் கழுவுகிற அம்மா. அடிப்பிடித்த சோற்றைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துத் தேய்த்து உங்கள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். பரீட்சைக்குப் போகிறபோது அந்த ஈரக்கையால்தான் என் தலையைத் தடவி "போய்ட்டு வா மனே" என்பீர்கள்.

அம்மாவிடம் போன் இல்லை. ஜூனியர் தங்கச்சிமார் யாராவது பின்பக்கம் போய் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இரண்டு மணிக்குப் பிறகு போங்கள், அதுக்கு முன் அவருக்கு வேலை முடியாது.