மூத்த அலுவலர் என் தோற்றத்தைப் பற்றித் தொடர்ந்து பேசுவது குறித்த புகார்

அனுப்புநர்:
மெர்ச்சண்டைசர், ஐரோப்பிய பையர் பிரிவு, இரண்டாம் தளம்

பெறுநர்:
மேலாளர், மனிதவளப் பிரிவு
(நேரில், மூடிய உறையில்)

திருப்பூர்
18.08.2025

மேடம், வணக்கம்.

நம் கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் பிரிவில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். அதே பிரிவில் என்னைவிடப் பல வருடம் மூத்தவரான மேனேஜர் ஒருவர் கடந்த மூன்று மாதமாக என் உடை, உடம்பு, முடி, நிறம் பற்றித் திரும்பத் திரும்பப் பேசி வருகிறார். வேண்டாம் என்று நேரில் சொல்லியும் அவர் நிறுத்தவில்லை. இதை எழுத்து மூலமான புகாராக ஏற்று உள்ளகப் புகார்க் குழுவிடம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவர் பெயர், என் பெயர், பணியாளர் எண்கள், சாட்சிகளின் பெயர்கள் ஆகியவற்றை உள்ளே இருக்கும் சிறிய உறையில் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பொது மெயிலுக்கு அனுப்பாததற்குக் காரணம் உண்டு. அந்த மெயில் உங்கள் பிரிவில் நான்கு பேர் கம்ப்யூட்டரில் திறந்தே இருக்கிறது. அவர்களில் ஒருவர் தினமும் அவரோடு டீக்குப் போகிறவர்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். அவர் சொன்னதெல்லாம் 'இன்று நன்றாக இருக்கிறாய்' என்கிற மாதிரி மரியாதையாக மாறிவிட்டது. அவர் பேசியது தமிழில்தான், அதனால் அவர் வாயில் வந்தபடியே எழுதுகிறேன்.

மே 12-ஆம் தேதி மாம்பழ மஞ்சள் காட்டன் சேலையில் வந்திருந்தேன். சாம்பிள் ரூம் வாசலில் நின்றவர், "என்னம்மா, பொண்ணு பாக்க வர்றாங்களா? இந்தக் கலர்ல நீ நின்னா பையர் விலையே பேச மாட்டான்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஜூன் 5-ஆம் தேதி இரவு 10.40-க்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்: "டிபி மாத்திட்ட போல. முடிய விரிச்சு விட்டா இன்னும் அம்சமா இருக்கும்." அதற்கு நான் பதில் எழுதவில்லை. மறுநாள் காலை லேப் டிப் அப்ரூவல் பற்றி மட்டும் அனுப்பினேன். அதற்கு வந்த பதில், "வேலையைப் பத்தி மட்டும்தான் பேசுவியா?" இரண்டுக்கும் ஸ்க்ரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். அன்றிலிருந்து டிபியில் ஒரு செம்பருத்திப் பூ படம்தான் இருக்கிறது.

ஜூன் 24-ஐப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அன்று காலை சுருக்கம் அதிகம் காட்டிய ஒரு லாட் துணியைத் திரும்பக் காம்பாக்டிங் போட வைத்து, 6,400 பீஸ் ஆர்டர் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொண்டோம். டையிங் யூனிட்டுக்கும் ஆபீசுக்கும் மூன்று முறை அலைந்தேன். சாயங்காலம் ரிப்போர்ட்டோடு அவர் மேஜைக்குப் போனபோது தாளை வாங்கிப் புரட்டாமல் கீழே வைத்தார். "வெயில்ல அலைஞ்சு கறுத்துட்ட. ஆனா அதுவும் உனக்கு ஒரு களைதான். கொஞ்சம் சதையும் போட்டிருக்க, போட வேண்டிய எடத்துலதான் போட்டிருக்கு" என்றார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். "சார், என் உடம்பைப் பத்திப் பேச வேண்டாம். எனக்குப் பிடிக்கல" என்று அப்போதே சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணன் மாதிரி நினைச்சுச் சொன்னா கோவிச்சுக்கிறியே" என்றார். என் சொந்த அண்ணன் என்னிடம் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

ஜூலை 17 அன்று பையரோடு வீடியோ மீட்டிங். தொடங்குவதற்கு முன்பே, கேமராவுக்கு முன்னால் அவளை உட்கார வையுங்கள், ஆர்டர் கன்ஃபர்ம் ஆகிவிடும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். காஸ்டிங் ஷீட் போட்டது நான். அதை விளக்கத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த மீட்டிங் முழுக்க விலை சொல்லும்போதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொண்டது.

இவற்றுக்கு நடுவில் தேதி குறித்துவைக்காத சின்னச் சின்னப் பேச்சுகள் இன்னும் உண்டு. பூ வைத்தால் ஒன்று, வைக்காவிட்டால் ஒன்று. நினைவில் தெளிவாக இல்லாதவற்றை இங்கே எழுதவில்லை.

கடைசியாக நடந்தது ஆகஸ்ட் 13, புதன்கிழமை. லேடீஸ் டாப் ஒன்றின் ஃபிட் சாம்பிள் வந்திருந்தது. வழக்கம்போல டம்மியில் மாட்டி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்து டம்மியில் இருந்த டாப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த மரக்கட்டைக்கு எதுக்குப் போட்டுப் பாக்கற? எம் சைஸ் உனக்கே கச்சிதமா இருக்கும். போட்டுட்டு வா, ஃபிட்டிங் நான் பாக்கறேன்" என்றார். டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார். அவர் என்னைத் தொடவில்லை. சாம்பிள் டெய்லர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், இருவரின் மிஷினும் ஒரே நேரத்தில் நின்றது. அவர்களில் வயதில் மூத்த அக்கா எழுந்து வந்து, "கண்ணு, அந்த ஸ்பெக் ஷீட் எங்க?" என்று கேட்டு என்னை வெளியே கூட்டிப்போனார். ஸ்பெக் ஷீட் என் கையில்தான் இருந்தது.

அன்று பாத்ரூமில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்து மீதி அளவை எடுத்து முடித்தேன். கழுத்து அளவில் அரை இஞ்ச் தப்பாக எழுதி அனுப்பிவிட்டேன் என்று மறுநாள்தான் தெரிந்தது. திருத்தி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தப்பு வேறொருவர் வாய் வழியாக உங்களுக்கு வரும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இவற்றில் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால், இதற்கெல்லாமா புகார் என்று தோன்றலாம். எனக்கே அப்படித் தோன்றித்தான் மூன்று மாதம் ஓடியது. இப்போது நான் மஞ்சள் சேலை கட்டுவதில்லை. அவர் அறையைத் தாண்டாமல் இருக்க கட்டிங் செக்‌ஷன் பக்கத்துப் படியில் சுற்றி ஏறுகிறேன். எல்லோரும் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் நான் இரண்டு மணிக்குப் போகிறேன். காலையில் பீரோவைத் திறந்ததும் இதைப் போட்டால் அவர் என்ன சொல்வார் என்பதுதான் முதலில் வருகிறது. இதைப் பாராட்டு என்று அவர் சொல்வாரானால், நான்கு வருடத்தில் என் ஒரு காஸ்டிங் ஷீட்டையாவது அவர் இப்படிப் பாராட்டியிருக்கிறாரா என்று குழு கேட்கட்டும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். லைட் பாக்ஸில் ஷேடு பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தொழிலில் கெட்டிக்காரர், பையர்கள் அவரை நம்புகிறார்கள். நான் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாவது காரணம் இப்போதைய நிலைமை. அமெரிக்கா ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் வரி போட்டு, 27 முதல் இன்னும் 25 என்று அறிவித்த பிறகு ஊரே ஆர்டரை எண்ணிக்கொண்டிருக்கிறது. "ஆள் குறைக்கிற நேரத்துல நீ வாயத் தொறக்காத" என்று தோழி ஒருத்தி சொன்னாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவின் பதில் எனக்குத் தெரியும்: வேலையை விட்டுவிட்டு வா என்பார். தப்பு செய்யாத நான் ஏன் வேலையை விட வேண்டும்?

2013-ஆம் வருடச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். உடல் தொட்டால்தான் குற்றம் என்று அதில் இல்லை. விரும்பத்தகாத, பாலியல் சாயல் கொண்ட பேச்சும் துன்புறுத்தலில் அடங்கும். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதால், மே 12 கணக்குத் தாண்டிவிட்டது என்று யாராவது சொல்லக்கூடும். தொடர்ச்சியாக நடந்தவற்றுக்குக் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் மூன்று மாதம் கணக்கு. அது நடந்து இன்று ஐந்து நாள்தான் ஆகிறது.

இனி நான் கேட்பவை. முதலில், குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று எழுத்தில் தெரியப்படுத்துங்கள். டைம் ஆபீஸ் பக்கத்துப் பலகையில் தலைவர் என்று போட்டிருக்கும் மேடம் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. ஆடிட் வருகிற வாரத்தில் அந்தப் பலகையைத் துடைக்கிறார்கள், பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. குழுவில் பாதிப் பேராவது பெண்களாகவும், கம்பெனிக்கு வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவருக்குக் கீழே வேலை செய்பவர் யாரும் என் புகாரை விசாரிக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

விசாரணை முடியும்வரை என் வேலைகளுக்கு அப்ரூவல் கொடுப்பதும், செப்டம்பரில் வரும் என் அப்ரைசல் எழுதுவதும் வேறொரு மேனேஜரிடம் இருக்கட்டும். இப்படி மாற்றிக் கொடுக்கக் குழு பரிந்துரை செய்யலாம் என்று விதியிலேயே இருக்கிறது. என்னை வேறு பிரிவுக்கோ வேறு யூனிட்டுக்கோ மாற்ற வேண்டாம். எனக்கு இந்த பையர், இந்த சாம்பிள் ரூம், இந்த நாற்காலி வேண்டும்.

அவர் என் பெர்சனல் நம்பருக்கு எழுதுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வேலை விஷயம் ஆபீஸ் மெயிலில் வரட்டும்.

அவரை உங்கள் அறைக்குக் கூப்பிட்டு, என்னையும் கூப்பிட்டு, கைகொடுத்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டாம். சமரசம் என்பது நான் கேட்டால் மட்டுமே நடக்கக்கூடியது. நான் கேட்கவில்லை. முறையான விசாரணையும், அதற்குச் சட்டம் சொல்லும் 90 நாள் கெடுவும்தான் கேட்கிறேன். அவர் தரப்பை அவர் முழுதாகச் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாட்சிகளாக மூன்று பேர் பெயரை அவர்களிடம் கேட்டு, அவர்கள் சரி சொன்ன பிறகே எழுதியிருக்கிறேன். டெய்லர் அக்கா பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர். விசாரணைக்கு உட்காரும் நேரத்துக்கு அவர் கூலி குறையாமல் பாருங்கள், சாட்சி சொன்னதற்காக அவருக்கு வேலை குறையாமலும் பாருங்கள். இதே மாதிரிப் பேச்சைக் கேட்ட வேறு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் விருப்பப்பட்டால் அவர்களே வருவார்கள். அவர்கள் பெயரை என்னிடம் கேட்க வேண்டாம்.

இந்தக் கடிதம் பெற்றுக்கொண்டதற்கு, தேதியும் முத்திரையும் போட்டு, என் கையில் உள்ள நகலில் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். புதன்கிழமைக்குள் குழுவிடமிருந்து தகவல் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பி.பி. மீட்டிங் இருக்கிறது, அதில் அவரும் இருப்பார்.

இப்படிக்கு,
மெர்ச்சண்டைசர், ஐரோப்பிய பையர் பிரிவு
(கையொப்பமும் பெயரும் உள்ளுறைத் தாளில்)

இணைப்பு: சிறிய உறை ஒன்று, வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட் இரண்டு, ஜூன் 24-ஆம் தேதி இரவு வீட்டுக்குப் போய் டைரியில் எழுதிய பக்கத்தின் நகல், குழு உறுப்பினர்களுக்காக இந்தக் கடிதத்தின் ஆறு பிரதிகள்.