ஒப்பந்த மீறல் அறிவிப்பு

ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபால் வழியாக
திருச்சிராப்பள்ளி, 07.04.2025

அனுப்புநர்: 12.02.2024 தேதியிட்ட கட்டுமான ஒப்பந்தத்தின் முதல் தரப்பினர் (மனை உரிமையாளர்)

பெறுநர்: மேற்படி ஒப்பந்தத்தின் இரண்டாம் தரப்பினர் (கட்டட ஒப்பந்ததாரர்)

பொருள்: கெடு தவறியமை; ஒப்பந்தப் பிரிவு 14-இன்படி 15 நாட்களுக்குள் குறையைச் சரிசெய்யக் கோருதல்.

ஐயா,

ஶ்ரீரங்கத்தில் உள்ள எனது மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 1,850 சதுர அடி வீட்டை, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு ரூ. 2,300 வீதம், மொத்தம் ரூ. 42,55,000-க்குக் கட்டித் தருவதாகத் தாங்கள் மேற்படி ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டீர்கள். முதல் தளக் கூரைக்குக் கான்கிரீட் போடும் வேலை 30.09.2024-க்குள்ளும், உட்புற, வெளிப்புறப் பூச்சு 31.12.2024-க்குள்ளும், வீட்டை ஒப்படைப்பது 28.02.2025-க்குள்ளும் முடிய வேண்டும் என்று பிரிவு 9 கூறுகிறது. இந்த ஒப்பந்தத்தில் காலமே முதன்மை என்பதும் அதே பிரிவில் எழுதப்பட்டுள்ளது.

முதல் தளக் கூரைக் கான்கிரீட் 19.12.2024 அன்றுதான் போடப்பட்டது. அதாவது 80 நாள் தாமதம். கெடுவுக்குள் அதை முடித்திருந்தால் வடகிழக்குப் பருவமழையில் அந்த வேலை சிக்கியே இருக்காது. ஆயினும் மழையைக் காரணம் காட்டித் தாங்கள் கேட்டபடி, அடுத்த இரண்டு கெடுக்களுக்கும் 21 நாள் நீட்டிப்பு எழுத்து மூலம் கொடுத்தேன். அதன்படி பூச்சு வேலை 21.01.2025-லும் ஒப்படைப்பு 21.03.2025-லும் முடிந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

05.04.2025 சனிக்கிழமை காலை 10 மணிக்கு மனைக்குச் சென்றபோது இரண்டு சித்தாள்கள் மட்டுமே இருந்தனர். கொத்தனாரும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. தரைத்தள உட்சுவர்களைத் தவிர வேறெங்கும் பூச்சு இல்லை. முதல் தளத்தில் மின்குழாய்க்காகச் சுவரில் வெட்டிய பள்ளங்கள் அடைக்கப்படாமல் கிடக்கின்றன. மாடிப்படியின் அடியில் அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டைகளில் கீழ்வரிசை முழுவதும் ஈரம் ஏறிக் கட்டிதட்டிவிட்டது. அந்த மூட்டைகளை எந்த வேலைக்கும் பயன்படுத்தக் கூடாது என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன். தேதியுடன் எடுத்த 14 புகைப்படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை என்றும், எம்-சாண்ட் விலை ஏறிவிட்டது என்றும் தாங்கள் தொலைபேசியில் கூறினீர்கள். ஆட்களைத் திரட்டுவது தங்கள் பொறுப்பு. பொருள் விலை ஏறினாலும் ஒப்பந்தத் தொகை மாறாது என்பதைப் பிரிவு 6 தெளிவாகச் சொல்கிறது. என் தரப்பில் பணம் எதுவும் பாக்கி இல்லை. கூரைக் கட்டம் வரை தரவேண்டிய 70 விழுக்காடான ரூ. 29,78,500 முழுவதையும் வங்கி வழியாகச் செலுத்திவிட்டேன். அடுத்த தவணை பூச்சு முடிந்த பிறகே தரவேண்டியது.

ஆகவே தாங்கள் பிரிவு 9-ஐ மீறியுள்ளீர்கள் என்று இதன்மூலம் அறிவிக்கிறேன். பிரிவு 14 தரும் உரிமையின்படி, இந்த அறிவிப்பு தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 3 நாட்களுக்குள் மேஸ்திரியுடன் குறைந்தது 10 ஆட்களை அமர்த்தி வேலையைத் தொடங்க வேண்டும். 15 நாட்களுக்குள் இரு தளங்களின் உட்புற, வெளிப்புறப் பூச்சை முடிப்பதோடு, கெட்டுப்போன சிமெண்டை மனையிலிருந்து அகற்ற வேண்டும். எஞ்சிய மின், குழாய், டைல்ஸ், வண்ணப் பூச்சு வேலைகளுக்கு, 15.06.2025-க்குள் ஒப்படைக்கும் வகையில் வாரவாரியான அட்டவணையைக் கையொப்பமிட்டு அதே 15 நாட்களுக்குள் தர வேண்டும்.

பிரிவு 11-இன்படி ஒப்படைப்புத் தாமதத்திற்கு நாளொன்றுக்கு ரூ. 1,000 இழப்பீடு உண்டு. அதன் உச்சவரம்பு ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடான ரூ. 2,12,750. 22.03.2025 முதல் இன்று வரையிலான 17 நாட்களுக்கு ரூ. 17,000 சேர்ந்துள்ளது, இதைத் தங்களுக்குத் தரவேண்டிய அடுத்த தவணையில் கழித்துக்கொள்வேன். மாதம் ரூ. 14,000 வாடகையும் வீட்டுக்கடன் வட்டியும் ஒருசேரக் கட்டிவரும் எனக்கு, இந்தத் தொகை உண்மையான இழப்பை ஒட்டியதே அன்றித் தண்டனையாக விதிக்கப்பட்டதன்று. வாடகையைத் தனியாக நான் கோரவில்லை.

மேற்கண்ட அவகாசத்தில் தாங்கள் செய்யும் வேலையை நான் ஏற்றாலும், இதுவரையிலான தாமதத்தை மன்னித்ததாகாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 55 வேண்டுகிறபடி, தாமதமான வேலையை ஏற்கும்போதும் இழப்பீடு கோரும் எண்ணம் எனக்கு உண்டு என்பதை இப்போதே தெரிவிக்கிறேன். ஏற்கும் நேரத்திலும் எழுத்தில் மீண்டும் தெரிவிப்பேன்.

15 நாட்களுக்குள் குறை சரிசெய்யப்படாவிட்டால், மறு அறிவிப்பின்றிப் பிரிவு 14-இன்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வேன். அவ்வாறு முடித்தால், இரு தரப்பும் உடனிருந்து ஒரு பொறியாளரைக் கொண்டு வேலையை அளவெடுக்க வேண்டும். அதற்கான நாளைத் தெரிவித்தும் தாங்கள் வராவிட்டால் அவருடைய அளவே இறுதியானது என்று அதே பிரிவு கூறுகிறது. மீதி வேலையை வேறொருவரிடம் கொடுத்து முடிப்பதால் ஏற்படும் கூடுதல் செலவைத் தங்களிடமிருந்து வசூலிக்க, பிரிவு 16-இல் குறித்தபடி திருச்சிராப்பள்ளியில் நடுவர் தீர்ப்பாயத்தை நாடுவேன்.

தாங்கள் பதில் தருவதானால் எழுத்து மூலம் மட்டுமே, ஒப்பந்தத்தில் உள்ள என் முகவரிக்கு அனுப்பவும். தொலைபேசியில் சொல்லும் உறுதிமொழியை இனி நீட்டிப்பாகக் கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
முதல் தரப்பினர், மனை உரிமையாளர்

இணைப்பு: ஒப்பந்த நகல், நீட்டிப்புக் கடித நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, 14 புகைப்படங்கள்