எட்டாம் வகுப்பு கணிதம் – பயிற்சித்தாள்: இலாபம், நட்டம், தள்ளுபடி, தனிவட்டி

நேரம்: 40 நிமிடம். விடை மட்டும் போதாது; வழிமுறையையும் எழுதவும்.

இலாபமும் நட்டமும்

இலாபம் = விற்ற விலை – அடக்க விலை
நட்டம் = அடக்க விலை – விற்ற விலை
இலாப % = (இலாபம் ÷ அடக்க விலை) × 100
நட்ட % = (நட்டம் ÷ அடக்க விலை) × 100

சரக்குக்குக் கொடுத்த காசு மட்டும் அடக்க விலை ஆகாது. வண்டி வாடகை, ஏற்றுகூலி, பழுது பார்த்த செலவு எல்லாம் அதில் சேரும். சதவீதம் எப்போதும் அடக்க விலையின் மேல்தான். விற்ற விலையால் வகுத்தால் மதிப்பெண் போய்விடும்.

1. ஒரு காய்கறிக்காரர் 25 கிலோ தக்காளிப் பெட்டியை ₹500-க்கு எடுத்தார். வண்டிக்கூலி ₹100. நசுங்கிய 3 கிலோவை ஒதுக்கிவிட்டு, மீதியைக் கிலோ ₹30 வீதம் விற்றார். இலாப சதவீதம் என்ன?

2. பழைய சைக்கிள் ஒன்றை ₹4,000-க்கு வாங்கி, ₹500 செலவில் டயர் மாற்றி, ₹3,600-க்கு விற்றால் நட்ட சதவீதம் எவ்வளவு?

3. இரண்டு கைக்கடிகாரங்கள், தலா ₹1,200-க்கு விற்கப்பட்டன. ஒன்றில் 20% இலாபம், மற்றதில் 20% நட்டம். மொத்தத்தில் இலாபமா, நட்டமா? (இரண்டும் சரிக்குச் சரி என்று எழுதிவிடாதீர்கள். அடக்க விலைகள் வேறு வேறு.)

தள்ளுபடி

தள்ளுபடி = குறித்த விலை × தள்ளுபடி % ÷ 100
விற்ற விலை = குறித்த விலை – தள்ளுபடி

இங்கே சதவீதம் குறித்த விலையின் மேல், அதாவது சீட்டில் அச்சிட்ட விலையின் மேல்.

4. ஆடித் தள்ளுபடியில் ₹2,500 சேலைக்கு 20% குறைத்தார்கள். அப்புறம், குறைந்த விலையில் மேலும் 10% குறைத்தார்கள். கட்ட வேண்டியது எவ்வளவு? மொத்தத் தள்ளுபடி 30% தானா?

5. அடக்க விலைக்கு மேல் 40% கூட்டிக் குறித்து, 25% தள்ளுபடி தரும் கடைக்காரருக்கு இலாபம் உண்டா? அடக்க விலையை ₹1,000 என்று வைத்துக்கொள்ளவும்.

தனிவட்டி

தனிவட்டி = அசல் × ஆண்டு வட்டி வீதம் × ஆண்டுகள் ÷ 100
மொத்தத் தொகை = அசல் + தனிவட்டி

வீதம் ஆண்டுக்கு என்றால் காலமும் ஆண்டில் இருக்க வேண்டும். 6 மாதத்தை ½ ஆண்டு என்று எழுதவும். ஊரில் ‘நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி’ என்பது மாதக் கணக்கு. ரெண்டு ரூபாய்தானே என்று தோன்றும். 12-ஆல் பெருக்கிப் பார்த்தால்தான் ஆண்டு வீதம் தெரியும்.

6. ₹12,000-க்கு ஆண்டுக்கு 8% வீதம் 2½ ஆண்டுகளுக்குத் தனிவட்டியும் மொத்தத் தொகையும் காண்க.

7. நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிய ₹15,000-க்கு 8 மாத வட்டி என்ன? ஆண்டு வீதம் என்ன?

8. 12½% தனிவட்டியில் ஒரு தொகை எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும்?

விடைகள்

1) 10%
2) 20%
3) ₹100 நட்டம், அதாவது 4%
4) ₹1,800, இல்லை, 28%
5) உண்டு, 5%
6) ₹2,400, ₹14,400
7) ₹2,400, 24%
8) 8 ஆண்டுகள்