டெபிட் நோட் – உடைந்த டைல்ஸ் திருப்பி அனுப்பியது

டெபிட் நோட் எண்: 14 / 2025-26
தேதி: 12-06-2025
அனுப்புவது: டைல்ஸ் கடை, திண்டுக்கல்
பெறுவது: விற்பனை மேலாளர், டைல்ஸ் மொத்த விற்பனைக் கிடங்கு, திருச்சி
தங்கள் பில்: எண் 0412, தேதி 06-06-2025, ரூ. 71,744

ஐயா, வணக்கம்.

மேற்படி பில்லுக்கு 7-ஆம் தேதி லோடு இறக்கியபோது, லாரியின் பின்பக்கம் அடிவரிசையில் இருந்த பெட்டிகள் நசுங்கியிருந்தன. டிரைவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்தோம். டைல்ஸ் மூலை தெறித்தும் நடுவில் கீறியும் இருந்தன. லாரி ரசீதில் 12 பெட்டி உடைசல் என்று எழுதி அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த 12 பெட்டியும் நேற்று தங்கள் வண்டியிலேயே டெலிவரி சலான் எண் 31-இல் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. அதனால் வாடகை எதுவும் சேர்க்கவில்லை.

திருப்பிய சரக்கு (எச்எஸ்என் 6907):
பில் வரிசை 1 – தரை டைல்ஸ் 600 x 600 மி.மீ: 60 பெட்டியில் 7, விலை ரூ. 720 = ரூ. 5,040.00
பில் வரிசை 2 – சுவர் டைல்ஸ் 300 x 450 மி.மீ: 80 பெட்டியில் 5, விலை ரூ. 260 = ரூ. 1,300.00
கூட்டுத்தொகை: ரூ. 6,340.00
கழிவு 5%: ரூ. 317.00
வரிக்குரிய மதிப்பு: ரூ. 6,023.00
சிஜிஎஸ்டி 9%: ரூ. 542.07
எஸ்ஜிஎஸ்டி 9%: ரூ. 542.07
மொத்தம் (முழு ரூபாயில்): ரூ. 7,107

விலை, கழிவு, வரி மூன்றும் தங்கள் பில்லில் உள்ளபடியே. பில்லில் 5% கழிவு கொடுத்திருக்கிறீர்கள்; கழிக்காத விலையில் பற்று எழுதினால் நாங்கள் கொடுக்காத பணத்தைத் திரும்பக் கேட்டதாகிவிடும். சரிபார்க்க: எங்களிடம் நின்ற 53 தரை டைல்ஸ் பெட்டி, 75 சுவர் டைல்ஸ் பெட்டிக்குக் கழிவு போக ரூ. 54,777, வரியோடு ரூ. 64,637. பில் தொகையில் இந்த டெபிட் நோட்டைக் கழித்தாலும் அதே ரூ. 64,637.

சில பெட்டிகளில் இரண்டு டைல்ஸ்தான் உடைந்திருந்தன. ஆனாலும் முழுப் பெட்டியாகவே அனுப்பியிருக்கிறோம். உதிரியாக நிற்கும் டைல்ஸை வாடிக்கையாளர் வாங்குவதில்லை. அடுத்த லோடில் அதே ஷேடு வரும் என்றும் சொல்ல முடியாது. இதைத் தாங்கள் ஏற்க வேண்டுகிறோம்.

இந்த டெபிட் நோட் கணக்குக்கு மட்டுமே. தங்கள் வரிப்பொறுப்பு குறைய வேண்டுமானால், சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 34-இன்படி தாங்கள்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். அதில் பில் எண் 0412-ஐக் குறிப்பிட்டு ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டுங்கள். சட்டப்படி 30-11-2026 வரை அவகாசம் உண்டு என்றாலும், இந்த மாதமே வந்தால் எங்கள் 2பி-யில் பில்லும் கிரெடிட் நோட்டும் ஒன்றாகத் தெரியும். ரூ. 1,084.14 உள்ளீட்டு வரியை நாங்களும் இம்மாதமே திருப்பிவிடுகிறோம்.

மாற்றுச் சரக்கு வேண்டாம். மீதி ரூ. 64,637 பேசியபடி 30 நாள் கெடுவில், 06-07-2025-க்குள் வங்கியில் செலுத்தப்படும். தொகையில் வேறுபாடு இருந்தால் 20-ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும்.

இணைப்பு: பில் நகல், டிரைவர் கையெழுத்திட்ட லாரி ரசீது நகல், சலான் நகல், உடைசல் படங்கள்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு
டைல்ஸ் கடை, திண்டுக்கல்