எந்த நிற ஒளியில் பயறு நன்றாக வளரும்? எட்டாம் வகுப்புக்கான ஆய்வுக் கையேடு

மாணவர்களே,

பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் திங்கள்கிழமை இந்த ஆய்வைத் தொடங்குகிறோம். பதினான்கு நாள் நடக்கும். ஆறு குழுக்கள், ஆறு பெட்டிகள். இந்தத் தாள்களை வீட்டில் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். கடைசிப் பகுதியை மட்டும் ஆய்வு முடிந்த பிறகு படியுங்கள். விடை தெரிந்துவிட்டால், அளக்கும்போது கண் அந்த விடையைத்தான் தேடும்.

கேள்வி

செடியின் மேல் விழும் ஒளியின் நிறம் மாறினால் அதன் வளர்ச்சி மாறுமா? மாறினால், எது எப்படி மாறுகிறது?

இதற்கு உங்கள் ஊகத்தை இப்போதே நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். "சிவப்பு ஒளியில் நன்றாக வளரும்" என்று மட்டும் எழுதினால் போதாது. "நன்றாக" என்று எதைச் சொல்கிறீர்கள்? உயரத்தையா, இலைகளின் எண்ணிக்கையையா, எடையையா? காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள். அதுதான் உங்கள் கருதுகோள். அது தவறாகிப் போனால் மதிப்பெண் குறையாது. முடிவு தெரிந்த பிறகு அழித்துவிட்டுத் திருத்தி எழுதினால்தான் குறையும்.

எதை மாற்றுகிறோம், எதை மாற்றாமல் வைக்கிறோம்

நாம் வேண்டுமென்று மாற்றுவது ஒன்றே ஒன்று: ஒளியின் நிறம். அதற்குச் சாரா மாறி என்று பெயர். அதனால் மாறுகிறதா என்று நாம் அளந்து பார்க்கும் உயரம், இலை, எடை ஆகியவை சார்ந்த மாறிகள். மற்ற எல்லாம், அதாவது விதை, மண், தண்ணீர், வெப்பம், காற்று, நாட்கள் அனைத்தும் ஆறு பெட்டிகளிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நீலப் பெட்டிக்கு மட்டும் தண்ணீர் கூடிவிட்டால், அதில் செடி செழித்ததற்கு நிறம் காரணமா, தண்ணீர் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது.

பெட்டிகள் இவை: சிவப்பு, நீலம், பச்சை, நிறமற்றது, நிறமற்ற தாளின் மேல் துணி போர்த்தியது, முழு இருட்டு.

ஐந்தாவது பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். இந்த ஆய்வில் மிக எளிதாக ஏமாந்துபோகும் இடம் அதுதான். வண்ணக் கண்ணாடித்தாள் ஒளியின் நிறத்தை மட்டும் மாற்றுவதில்லை, அளவையும் குறைத்துவிடுகிறது. பச்சைப் பெட்டியில் செடி நோஞ்சானாக இருந்தால் அதற்குப் பச்சை நிறம் காரணமாகவும் இருக்கலாம், வெறும் மங்கலான வெளிச்சம் காரணமாகவும் இருக்கலாம். ஆகவே நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைத்த ஒரு பெட்டி வேண்டும். வெள்ளை வேட்டித் துணியை ஒன்று, இரண்டு, மூன்று மடிப்பாகப் போட்டு, வண்ணப் பெட்டிகளுக்குள் இருக்கும் அளவுக்கு வெளிச்சத்தைக் கொண்டுவருவோம். கைப்பேசியில் உள்ள ஒளி அளக்கும் செயலியால் தோராயமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அளவு. நம் கண் பச்சை ஒளியை மிகுதியாகவும், சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவும் உணரும். அதனால் அந்த எண்ணைச் செடிக்குக் கிடைக்கும் ஒளியின் சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணை எழுதிவைத்து, பக்கத்தில் இந்தக் குறைபாட்டையும் எழுதுங்கள்.

பெட்டி செய்யும் முறை

பழக்கடையில் கிடைக்கும் கனமான அட்டைப்பெட்டி, உயரம் 40 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மேல் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணாடித்தாளை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். பக்கவாட்டில் ஜன்னல் வைக்கக் கூடாது. வைத்தால் செடி ஒளியை நோக்கிச் சாயும், உயரத்தை ஒழுங்காக அளக்க முடியாது. உள்பக்கம் முழுவதும் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். பழைய பெட்டியின் அச்செழுத்தும் நிறமும் ஒளியைக் கெடுக்கும்.

ஒட்டுவதற்கு முன் தாளைச் சோதித்துவிடுங்கள். பழைய குறுந்தகடு ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம் படும்படி சாய்த்தால் வானவில் நிறங்கள் தெரியும். வெளிச்சத்துக்கும் தகட்டுக்கும் நடுவே வண்ணத்தாளைப் பிடித்து, எந்த நிறங்கள் மறைகின்றன, எவை மிஞ்சுகின்றன என்று பாருங்கள். நல்ல சிவப்புத் தாளில் நீலமும் பச்சையும் ஏறக்குறைய மறைந்துவிடும். நீலத் தாள் அவ்வளவு நேர்மையானது அல்ல, பச்சையையும் கொஞ்சம் கசியவிடும். எது எவ்வளவு கசிகிறது என்பதை நோட்டில் குறியுங்கள். முடிவை விளக்கும்போது அது கட்டாயம் தேவைப்படும்.

காற்று போவதற்குப் பெட்டியின் அடியோரத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் இட்டு, வெளியே கறுப்புத் தாளால் மடிப்பு மூடி வையுங்கள். காற்று வர வேண்டும், வெளிச்சம் நேராக நுழையக் கூடாது. ஒரு மூலையில் பெரிய துளை போட்டு ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, வெளிமுனையைத் துணியால் அடையுங்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும்.

விதைத்தல்

சம்பா நெல், வெண்டை என்று நிறையப் பேர் கேட்டார்கள். பச்சைப்பயறுதான் எடுக்கப் போகிறோம். சீக்கிரம் முளைக்கும், தண்டு தெளிவாகத் தெரியும், எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

ஒரே பொட்டலத்துப் பயறை இரவு முழுதும் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வையுங்கள். முளைவேர் ஏறத்தாழ 5 மி.மீ. நீண்டிருப்பவற்றில் அறுபதைத் தேர்ந்தெடுங்கள். இங்கே கவனம்: பெரிய முளைகள் எல்லாம் ஒரே குழுவிடம் போய்விடக் கூடாது. அறுபதையும் ஒரு கிண்ணத்தில் கலந்து, கண்ணை மூடி குழுவுக்குப் பத்து எடுங்கள்.

சலித்த செம்மண்ணும் மக்கிய எருவும் சம அளவு கலந்து ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம். அடியில் துளையிட்ட காகிதக் கோப்பை ஒன்றுக்கு ஒரு முளை, 2 செ.மீ. ஆழத்தில். பத்துக் கோப்பைகளை ஒரு தட்டில் அடுக்கிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். விதைக்கும் முன்பு, ஊறவைக்காத பத்துப் பயறுகளை நகைக்கடைத் தராசில் நிறுத்து எடையை எழுதிவையுங்கள். ஏன் என்பது கடைசியில் புரியும்.

தினமும்

பெட்டிகள் பள்ளியின் வடக்குத் தாழ்வாரத்தில் இருக்கும். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அங்கே நேர் வெயில் படாது, வெளிச்சம் மட்டும் வரும். வெயிலில் வைத்தால் கண்ணாடித்தாள் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும்.

தினமும் மாலை 4 மணிக்குக் குழாய் வழியாக ஒவ்வொரு தட்டிலும் 100 மி.லி. தண்ணீர். அளவுகுவளையால் அளந்து ஊற்றுங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள். இருட்டுப் பெட்டியில் சில நிமிட வெளிச்சம் பட்டாலே செடியின் போக்கு மாறத் தொடங்கிவிடும். தண்ணீர் ஊற்றியதும் பெட்டிகளின் இடத்தை வலப்பக்கமாக ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். சுவரோரத்தில் இருக்கும் பெட்டிக்கே தொடர்ந்து குளிர்ச்சி கிடைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஜனவரி 26 அன்றும் யார் வருவது என்ற பட்டியல் வகுப்புக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.

அளத்தல்

7ஆம் நாளும் 14ஆம் நாளும் மட்டும் பெட்டி திறக்கப்படும். ஒரு குழுவின் செடியை வேறொரு குழு அளக்கும். கோப்பைகளில் நிறத்தின் பெயர் இருக்காது, குறியெண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்தப் பெட்டி என்ற தாள் என்னிடம் இருக்கும்.

உயரம் என்பது மண்மட்டத்திலிருந்து தண்டின் நுனி வரை. வளைந்த தண்டை நூலால் தொடர்ந்து, பிறகு நூலை அளவுகோலில் வையுங்கள். விரிந்த இலைகளை எண்ணுங்கள். இலையின் நிறத்தை "கரும்பச்சை, வெளிர்பச்சை, மஞ்சள்" என்ற மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள். தண்டு தடித்திருக்கிறதா, துவள்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

சராசரி எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. பத்துச் செடிகளின் உயரம் 9, 10, 10, 11, 11, 11, 12, 12, 13, 3 செ.மீ. என்று வந்தால் சராசரி 10.2. அந்த 3 செ.மீ. செடியை விட்டுவிட்டால் 11. விடத் தோன்றும், விடாதீர்கள். எழுதிவிட்டு, "இது ஏன் குட்டையானது?" என்று வேரைத் தோண்டிப் பாருங்கள். சராசரியோடு மிகக் குறைந்த அளவையும் மிகக் கூடிய அளவையும் சேர்த்தே எழுதுங்கள். சிவப்பில் 9 முதல் 13, நீலத்தில் 8 முதல் 12 என்றால், வெறும் சராசரியை வைத்துச் சிவப்பு வென்றது என்று அறிவிக்க முடியாது.

14ஆம் நாள் உயரம் எடுத்த பிறகு செடிகளை வேரோடு எடுத்து மண்ணைக் கழுவுங்கள். உதிர்ந்த விதையிலைகளையும் சேர்த்து, பெட்டிவாரியாகத் தனித்தனித் தாளில் வெயிலில் உலர்த்துங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் இருந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். பத்துச் செடிகளையும் சேர்த்து நிறுங்கள்.

14ஆம் நாளுக்குப் பிறகு படிக்க வேண்டியது

இருட்டுப் பெட்டியில் மிக உயரமான செடிகளைப் பார்த்திருப்பீர்கள். வெளுத்து, மெலிந்து, நுனி கொக்கிபோல் வளைந்து. ஆனால் அவற்றின் உலர் எடையை முதல் நாள் நிறுத்த பத்துப் பயறின் எடையோடு ஒப்பிடுங்கள். விதையைவிடக் குறைவாக இருக்கும். அந்தச் செடி ஒரு துளி உணவும் தயாரிக்கவில்லை. விதையிலையில் இருந்த சேமிப்பைச் சுவாசத்தில் எரித்து, மண்ணுக்குள் புதைந்திருப்பதாக எண்ணி ஒளியைத் தேடி நீண்டிருக்கிறது. உயரத்தை மட்டும் அளந்திருந்தால் இருட்டே சிறந்தது என்று முடிவு செய்திருப்போம்.

பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் மிகுதியாக உறிஞ்சும். 1882இல் ஜெர்மனியின் எங்கெல்மன், முப்பட்டகத்தால் பிரித்த ஒளியைப் பாசி இழை ஒன்றின் மேல் விழச் செய்தார். ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பு, நீலம் விழுந்த இடங்களில் வந்து குவிந்தன. ஒளிச்சேர்க்கை அங்கேதான் மும்முரமாக நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் "பச்சை ஒளியைச் செடி பயன்படுத்தாது" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். இலை பச்சை ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்புகிறது. பெரும்பகுதியை உறிஞ்சிப் பயன்படுத்திக்கொள்கிறது. 1972இல் மெக்ரீ என்ற அறிஞர் 22 பயிர்வகைகளை அளந்தபோது பச்சை ஒளியிலும் ஒளிச்சேர்க்கை நடப்பது எண்களாகவே வெளிப்பட்டது. உங்கள் பச்சைப் பெட்டியைத் துணி போர்த்திய பெட்டியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் நெருங்கி வந்தால், அங்கே மங்கலான வெளிச்சம்தான் பெரிய காரணம்.

நீலப் பெட்டியில் தண்டு குட்டையாகவும் உறுதியாகவும் இருந்திருந்தால் வியப்பில்லை. நீல ஒளி தண்டு நீள்வதை அடக்கும். அது உணவு தயாரிப்பதோடு நேரடித் தொடர்பில்லாத வேலை. செடியில் ஒளியை உணரும் வேறு புரதங்கள் அதைச் செய்கின்றன. எதிர்பார்த்த அளவுக்குக் குட்டையாக இல்லையென்றால், நீலத் தாள் கசியவிட்ட ஒளியைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலான வண்ணத்தாள்கள், நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைச்சிவப்பு ஒளியையும் உள்ளே விடும். மரநிழலில் நிற்கும் செடிக்கு அதிகமாகக் கிடைப்பது அந்த ஒளிதான், அது தண்டை நீளச் செய்யும்.

குழு அறிக்கை நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கருதுகோள், அளவுகள், வரைபடம், உங்கள் முடிவு, அந்த முடிவை ஐயப்பட வைக்கும் காரணங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பிப்ரவரி இரண்டாம் வாரம் திங்கள்கிழமை முதல் பாடவேளையில் கொடுங்கள். உலர்ந்த செடிகளை உறையில் போட்டு அறிக்கையோடு இணைத்துவிடுங்கள், வேறொரு குழு மீண்டும் நிறுத்துப் பார்க்கும்.