கருவாடு மொத்த விலைப் பட்டியல்: கடைக்காரர்களுக்கு முதலில் சில வார்த்தை

வணக்கம். போன பட்டியலில் நெத்திலியின் பெருமையை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, எத்தனை கிலோ எடுக்க வேண்டும், சரக்கு எப்போது வரும், பணம் எப்போது கட்ட வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தோம். போன் செய்த எல்லாரும் அந்த மூன்றைத்தான் கேட்டார்கள். அதனால் இந்த முறை அதுதான் முன்னால்.

குறைந்தபட்ச ஆர்டர்
மொத்தம் 50 கிலோ. ரகம் கலந்து எடுக்கலாம், ஆனால் ஒரு ரகத்தில் 10 கிலோவுக்குக் குறையக் கூடாது. மூட்டையைப் பிரித்துக் கட்டினால் நெத்திலி நொறுங்கிவிடும். நொறுங்கியதை உங்கள் கடையிலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

சரக்கு அனுப்புவது
செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மண்டபத்திலிருந்து லாரி ஏற்றுவோம். முதல் நாள் மதியம் 2 மணிக்குள் ஆர்டர் சொல்ல வேண்டும். மதுரை, திருச்சி மறுநாள். கோவை, சேலம், சென்னை மூன்றாம் நாள். லாரி வாடகை உங்களுடையது, ஏற்றுக்கூலி எங்களுடையது. வாசனை காரணமாகச் சில பார்சல் ஆபீஸில் கருவாடு ஏற்ற மாட்டார்கள், உங்கள் ஊரில் எந்த ஆபீஸ் எடுக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழியில் ஈரம் காய்ந்து எடை கொஞ்சம் இறங்கும். 10 கிலோவுக்கு 200 கிராம் வரை கழிவு கேட்க வேண்டாம். அதற்கு மேல் குறைந்தால் பில்லில் கழித்துக்கொள்ளலாம். பூஞ்சை, ஈரம் என்றால் சரக்கு வந்த 2 நாளுக்குள் போட்டோ அனுப்புங்கள்.

பணம்
முதல் இரண்டு ஆர்டருக்கு முழுப் பணமும் முன்கூட்டி. மூன்றாவதிலிருந்து பில் தேதிக்கு 15 நாள். பழைய பாக்கி இருக்கும்போது புதுச் சரக்கு ஏறாது, அதில் மட்டும் பழக்கம் பார்ப்பதில்லை. படகுக்காரருக்கு நாங்கள் அன்றன்றே எண்ணிக் கொடுக்கிறோம்.

சரக்கு
வடகடல், தென்கடல் இரண்டு பக்க மீனும் வருகிறது. நெத்திலி உப்பில்லாமல் வெயிலில் காய்ந்தது. காரல், சூடை, வாளை, திருக்கை உப்புக் கருவாடு. கூனி கிடைக்கும்போது மட்டும். எல்லாம் மணலில் படாமல் வலைப் பரணில் உலர்த்தியது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. நாட்டுப் படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். வேண்டியதை மார்ச்சிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்வது தாமதமாகும். அரைகுறையாகக் காய்ந்ததை ஏற்றுவதைவிட, அந்த வாரம் லாரியை நிறுத்திவிடுவோம்.

ரகவாரி விலை அடுத்த பக்கத்தில்.