அட்டைப்பெட்டிக் கொள்முதல்: மாற்றி எழுதிய எதிர்முன்மொழிவுகள்

அன்புத் தம்பிக்கு,

வணக்கம். பெட்டி வழங்குநருக்கு அனுப்புவதற்காக நீங்கள் எழுதி வைத்திருந்த குறுஞ்செய்திகளைப் படித்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எவ்வளவு வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், அதற்கு ஈடாக நாம் என்ன தருகிறோம் என்பது ஒன்றிலும் இல்லை. ஆகவே அவற்றை மாற்றி எழுதியிருக்கிறேன். உங்கள் முதல் மூன்று செய்திகள் இவை:

“அண்ணே, ரேட் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க. வேற எடத்துல இதவிடக் கம்மியாச் சொல்றாங்க.”

“சரக்கு அர்ஜென்ட்ணே, சீக்கிரம் அனுப்புங்க, லேட் ஆச்சுன்னா பெரிய பிரச்சினை ஆயிடும்.”

“அம்பது பர்சென்ட் அட்வான்ஸ்லாம் முடியாதுண்ணே.”

விலை, கெடு, முன்பணம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை என்பதால் மூன்றையும் ஒரே கடிதமாக்கினேன். தனித்தனியாகப் போனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மறுப்பு வரும்; சேர்ந்து போனால் ஒன்றில் விட்டுக்கொடுத்து மற்றொன்றில் பெற்றுக்கொள்ள இருதரப்புக்கும் இடம் கிடைக்கும்.

மதிப்பிற்குரிய விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 12,000 ஐந்தடுக்கு அட்டைப்பெட்டிகளுக்காக இம்மாதம் 6-ஆம் தேதியிட்டுத் தாங்கள் அனுப்பிய விலைப்புள்ளி கிடைத்தது. விரைந்து அனுப்பியதற்கு நன்றி. சென்ற முறை தாங்கள் வழங்கிய பெட்டிகள் அடுக்கி வைத்த நிலையிலும் மடங்காமல் நின்றன. அதே தரத்தில் தொடர்ந்து தங்களிடமே வாங்க விரும்புகிறோம்.

விலைப்புள்ளியில் உள்ள பெட்டி விலை, சென்ற ஆணையின் விலையைக் காட்டிலும் 9% கூடுதலாக உள்ளது. கிராஃப்ட் காகிதத்தின் விலை ஏறியிருப்பதைத் தாங்கள் சுட்டிக்காட்டியிருப்பதை ஏற்கிறோம். அதனால் பழைய விலையையே கேட்கவில்லை. அதே சமயம், சென்ற முறை 9,000 பெட்டிகளாக இருந்த ஆணை இம்முறை 12,000 ஆக உயர்ந்துள்ளது. அளவும் அச்சும் மாறாததால், இயந்திரத்தை ஒரே அமைப்பில் வைத்து முழுவதையும் ஓட்டி முடிக்கத் தங்களால் இயலும். இவ்விரண்டையும் கருத்தில் கொண்டு, சென்ற ஆணையின் விலைக்கு மேல் 4% உயர்வுடன் பெட்டி விலையை நிர்ணயிக்குமாறு முன்மொழிகிறோம். அச்சுக் கட்டைக்கான கட்டணத்தைச் சென்ற ஆணையிலேயே செலுத்தியுள்ளோம். கட்டையும் தங்களிடமே உள்ளது. எனவே இம்முறை அந்தக் கட்டணத்தை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முழுச் சரக்கையும் 30 நாட்களில் ஒரே தவணையாக அனுப்புவதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். எங்களுக்கு முதலில் 4,000 பெட்டிகள் மட்டுமே உடனடித் தேவை. ஆகவே கொள்முதல் ஆணை தங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் 4,000 பெட்டிகளையும், 28 நாட்களுக்குள் மீதி 8,000 பெட்டிகளையும் எங்கள் கிடங்கில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். வண்டி வாடகையும் வழிச் சேதத்திற்கான பொறுப்பும் கிடங்கின் வாசல் வரை தங்களுடையவை. சரக்கை இறக்குவது எங்கள் பொறுப்பு. தாமதமானால், தாமதமான தவணையின் மதிப்பில் முழு வாரம் ஒன்றுக்கு 0.5% வீதம், 5%-க்கு மிகாமல் கழித்துக்கொள்ளப்படும். அச்சு மாதிரிக்கு ஒப்புதல் தருவதில் எங்கள் பக்கம் தாமதம் நேர்ந்தால், அத்தனை நாட்கள் தங்கள் கெடுவுடன் சேர்த்துக்கொள்ளப்படும்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, காகிதம் வாங்கத் தங்களுக்குக் கைப்பணம் தேவைப்படும் என்பதை அறிவோம். தாங்கள் கேட்ட 50%-க்குப் பதிலாக, ஆணையுடனேயே 25% செலுத்துகிறோம். ஒவ்வொரு தவணைக்கும் உரிய மீதித் தொகை, அத்தவணை கிடங்கில் ஏற்கப்பட்ட 15 நாட்களுக்குள் தங்கள் கணக்கில் சேரும்.

இந்நிபந்தனைகள் தங்களுக்கு ஏற்புடையவை எனில், 16-ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். பதில் கிடைத்த மறுநாளே கொள்முதல் ஆணையை அனுப்பிவிடுவோம்.

தங்கள் உண்மையுள்ள,
கொள்முதல் பிரிவு

‘வேற எடத்துல கம்மியாச் சொல்றாங்க’ என்ற வரியை நீக்கிவிட்டேன். வேறு விலைப்புள்ளி கையில் இருக்கிறதா என்று உங்களைக் கேட்டபோது இல்லை என்றீர்கள். இல்லாத ஒன்றைச் சொல்லி விலை குறைப்பது நம் வேலை அன்று. ‘அனுப்புங்கள், பார்க்கிறேன்’ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அதற்குப் பின் நாம் சொல்லும் உண்மைக்கும் மதிப்பிராது. 12,000 என்ற எண்ணும் ஏற்கெனவே கட்டிய கட்டைக் கூலியும் நம்மிடம் உள்ளன, அவையே போதும்.

வண்டி பற்றிய பத்தியைச் சற்று நீட்டியதற்குக் காரணம் உண்டு. அவர்கள் விலைப்புள்ளியின் அடியில் சிறிய எழுத்தில் ‘எக்ஸ் ஒர்க்ஸ்’ என்று இருக்கிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சரக்குப் பொறுப்பைப் பிரித்துத் தரும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி அதன் பொருள், சரக்கை அவர்கள் தங்கள் இடத்தில் எடுத்துக்கொள்ளத் தயாராக வைத்தவுடன், வண்டியில் ஏற்றுவது முதல் வழியில் மழையில் நனைவது வரை எல்லாம் நம் தலையில் என்பதே. நாம் கேட்பது அதே விதிகளில் ‘டிஏபி’ எனப்படுவது: நம் கிடங்கில் இறக்கத் தயாரான நிலையில் வண்டி வந்து நிற்கும் வரை பொறுப்பு அவர்களுடையது. ஈரம் பட்ட பெட்டி வலுவிழந்துவிடும் என்பதால் இந்த ஒரு வரியில் மட்டும் நாம் இறங்கக் கூடாது.

அடுத்து, ‘இதற்குக் கீழ் முடியாது’ என்று அவர்கள் சொன்னால் அனுப்புவதற்காக நீங்கள் எழுதியிருந்தது:

“சரி ஓகேண்ணே, நீங்க சொன்னபடியே போட்டுடுங்க, அடுத்த வாட்டி பாத்துக்கோங்க.”

இதில் நாம் கொடுப்பது மட்டுமே இருக்கிறது. அவர்கள் 7% வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் கீழ்க்கண்டதை அனுப்புங்கள்.

மதிப்பிற்குரிய விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பதிலுக்கு நன்றி. சென்ற ஆணையின் விலைக்கு மேல் 7% என்பதே தங்களால் இயன்ற இறுதி விலை எனத் தெரிவித்துள்ளீர்கள். அதை ஏற்க நாங்கள் தயார். அதற்கு ஈடாக மூன்றை உறுதிசெய்யுமாறு வேண்டுகிறோம்: கிடங்கு வரையிலான வண்டி வாடகை இவ்விலைக்குள் அடங்க வேண்டும். முன்பணம் 25% ஆகவே இருக்க வேண்டும். அடுத்த ஆறு மாதங்களுக்குள் 6,000 பெட்டிகளுக்குக் குறையாமல் நாங்கள் தரும் ஆணைகளுக்கு இதே விலை செல்ல வேண்டும். 14 நாள், 28 நாள் என்ற தவணைக் கெடுக்களில் மாற்றமில்லை. தங்கள் ஒப்புதல் வந்த அன்றே ஆணையும் முன்பணமும் அனுப்பப்படும்.

தங்கள் உண்மையுள்ள,
கொள்முதல் பிரிவு

16-ஆம் தேதி மாலை வரை பதில் இல்லாவிட்டால் கைபேசியில் இதை அனுப்பினால் போதும்: “வணக்கம் ஐயா. எங்கள் எதிர்முன்மொழிவைப் பார்த்திருப்பீர்கள் என நம்புகிறோம். முதல் தவணையின் கெடுவை உறுதிசெய்ய வேண்டியிருப்பதால், நாளை நண்பகலுக்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். ஏதேனும் ஒரு நிபந்தனையில் சிரமம் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளலாம்.”

அவர்களுடைய விலைப்புள்ளி 20-ஆம் தேதி வரைதான் செல்லும். முதல் கடிதம் இன்று மாலைக்குள் போகட்டும். பழைய ஆணையில் கட்டைக் கட்டணம் உள்ள பக்கத்தின் நகலையும் உடன் இணையுங்கள்.